எத்தனை ஏக்கர்?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற அதிகாரி கேட்டதில் கடினமான கேள்வி ஒன்றுகூட இல்லை. அப்பா என்ன செய்கிறார், என்ன பயிர் வைக்கிறார், எத்தனை ஏக்கர். எங்கள் ஊரில் நான்காம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். என் தங்கை மகன் சொன்னான், சரியாகவும் சொன்னான். சரியாகச் சொன்னதனால்தான் விசா போயிற்று என்பது எங்களுக்குப் புரிய ஒரு வாரம் ஆனது.

நான் காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் இருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவன். இரண்டு பக்கத்து வீட்டிலும் தறி. தங்கையைக் கட்டிக்கொடுத்தது வாலாஜாபாத் பக்கத்துக் கிராமம் ஒன்றில். மாப்பிள்ளைக்கு ஏரிப் பாசனத்தில் நாலு ஏக்கர். நவரையும் சொர்ணவாரியும் தவறாமல் வைப்பார், தண்ணீர் இருந்தால் சம்பா. கறவை மாடு இரண்டு. பையன் சிவில் இன்ஜினியரிங் படித்துவிட்டு ஒரகடத்தில் ஒரு கட்டட கான்ட்ராக்டரிடம் மாதம் 18,000 ரூபாய்க்கு இரண்டு வருஷம் வேலை பார்த்தான். பிறகு அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் நீர்வளப் பொறியியல் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. 2024 ஆகஸ்டில் வகுப்பு. ஜூனில் நேர்காணல். எங்கள் இரு குடும்பத்திலும் பாஸ்போர்ட் எடுத்த முதல் ஆள் அவன்தான்.

2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் படித்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர் என்று கணக்குச் சொல்கிறது. எண்ணிக்கையில் சீனாவை அந்த ஆண்டு மறுபடி முந்தினோம். அத்தனை பேர் போன வழியில் ஒருவன் போவதற்கு இவ்வளவு பயம் எதற்கு என்று எனக்குத் தோன்றியதுண்டு. போனவர்களில் பெரும்பாலோர் வீட்டில் ஒரு சம்பளச் சீட்டு இருந்திருக்கும், ஒரு வருமானவரித் தாக்கல் இருந்திருக்கும். எங்கள் வீட்டில் இருந்தது நெல். நெல்லுக்குக் காகிதம் கிடையாது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அப்போதிருந்த 1961ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தின் 10(1) பிரிவு விவசாய வருமானத்துக்கு வரிவிலக்குத் தந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் வரி கட்டாதவனுக்கு வரித் தாக்கல் இல்லை, தாக்கல் இல்லாதவனுக்கு வருமானம் இருந்ததற்கான சாட்சி இல்லை. மாப்பிள்ளை பாதி நெல்லை அரசின் நேரடி கொள்முதல் நிலையத்தில் போடுவார். அந்தப் பணம் வங்கிக்கு வந்துவிடும். மீதியைக் களத்துக்கே வரும் வியாபாரி அள்ளிக்கொண்டு போவான். நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்கமாட்டார்கள். காய வைத்து, மழைக்குப் பயந்து, நாள் கணக்கில் மூட்டைக்குக் காவல் படுப்பதைவிட வியாபாரியின் கைக்காசு மேல் என்பது அவர் கணக்கு. கைக்காசு எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

ஏறிய காகிதம் ஒன்று இருந்தது. அது வேறு திசையைக் காட்டியது. பையன் கல்லூரியில் சேர்ந்தபோது உதவித்தொகைக்காகத் தாசில்தார் கையெழுத்தில் வாங்கிய வருமானச் சான்று. ஆண்டு வருமானம் 72,000 ரூபாய் என்றிருந்தது. அது குறைத்து எழுதியது என்று எல்லோருக்கும் தெரியும், எழுதிக் கொடுத்தவர் உட்பட.

இப்போது கூட்டிக் காட்ட வேண்டிய காலம். விசாவுக்குப் பயிற்சி தருகிற ஒருவரிடம் பையன் போனான். ஊரும் பெயரும் வேண்டாம், அப்படி ஒருவர் எல்லா ஊரிலும் இருக்கிறார். “விவசாயின்னு சொன்னா இரக்கப்படுவாங்க, விசா தரமாட்டாங்க” என்பது அவருடைய சித்தாந்தம். நிலத்தின் மதிப்பு, வீட்டுமனை, தங்கையின் நகை எல்லாவற்றையும் சேர்த்து ஒரு சொத்துக் கணக்கு தயாரானது. அந்தக் கணக்கிலிருந்து எப்படியோ ஒரு வருமானம் முளைத்தது. ஆண்டுக்கு 14 லட்சம். பையன் என்னிடம் காட்டினான். எனக்கு உறுத்தியது. ஆனாலும், விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள், நமக்கென்ன தெரியும் என்று தலையாட்டினேன். தலையாட்டியதை மறைத்துவிட்டு இந்தக் கட்டுரையை எழுத முடியாது.

பயிற்சிக்காரர் பதினெட்டுக் கேள்விகளும் பதில்களும் அச்சடித்துக் கொடுத்திருந்தார். பையன் அதை ஒரு மாதம் என் திண்ணையில் உட்கார்ந்து மனப்பாடம் செய்தான். நான் அதிகாரி. நான் தமிழில் கேட்பேன், அவன் ஆங்கிலத்தில் ஒப்பிப்பான். ஏன் இந்தப் பல்கலைக்கழகம் என்றால் உலகத்தரமான ஆய்வகம், தலைசிறந்த பேராசிரியர்கள். படித்து முடித்து என்ன செய்வாய் என்றால் தாய்நாடு திரும்பிப் பன்னாட்டு நிறுவனத்தில் திட்ட மேலாளர். ஒரு தடவை ஆறாவது கேள்வியைக் கேட்டுவிட்டு ஐந்தாவதைக் கேட்டேன். ஆறாவதற்கே இன்னொரு தரம் பதில் சொன்னான்.

பக்கத்து வீட்டுத் தறிக்காரர் மாலையில் குழியிலிருந்து எழுந்து வந்து கேட்டுக்கொண்டிருப்பார். ஆங்கிலம் தெரியாதவர். ஒருநாள் சொன்னார்: “சார், தம்பி பேசறது பேட்டியாட்டம் இல்ல, பிரேயர் சொல்ற மாதிரி இருக்குது.” பையன் சிரித்தான். நானும் சிரித்தேன். அன்றே அதைக் காதில் போட்டுக்கொண்டிருக்கலாம்.

நேர்காணலுக்கு முந்தைய வேலைகள் பலருக்குத் தெரிந்தவை, தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பல்கலைக்கழகம் I-20 என்ற படிவத்தை அனுப்புகிறது. முதல் ஆண்டுக்கு எவ்வளவு செலவாகும், அதை யார் தருகிறார்கள் என்று அதில் இருக்கும். எங்களுடையதில் 32,000 டாலர், அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 27 லட்சம். மாணவர் பதிவுக் கட்டணமாக 350 டாலர் கட்ட வேண்டும். DS-160 என்ற நீண்ட விண்ணப்பத்தை நிரப்பி, விசாக் கட்டணம், 2024இல் 185 டாலர், கட்ட வேண்டும். பிறகு இரண்டு நாள் சென்னைக்குப் போக வேண்டும். விண்ணப்ப மையத்தில் கைரேகையும் புகைப்படமும் ஒருநாள், அண்ணா மேம்பாலத்தருகே துணைத் தூதரகத்தில் நேர்காணல் இன்னொரு நாள். 2025 ஜூனிலிருந்து மாணவர்கள் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்கவும் சொல்கிறார்கள். இவன் போனபோது அது இல்லை.

கடினமானது கடன். ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக்கடன் என்றால் பொதுவாக வங்கிக்குச் சொத்து ஈடு வேண்டும். மாப்பிள்ளை பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு மேலாளர் முன்னால் உட்கார்ந்தார். மேலாளர் நல்ல மனிதர், மெதுவாகவே சொன்னார்: விவசாய நிலம் ஆகாது. காரணம் பிறகு தெரிந்தது. கடன் நின்றுபோனால் நீதிமன்றத்துக்குப் போகாமலே வங்கி சொத்தைக் கைப்பற்ற 2002ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, சர்ஃபேசி, வழிசெய்கிறது. அதன் 31ஆம் பிரிவு விவசாய நிலத்தை அந்த அதிகாரத்திலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. உழுகிறவன் நிலத்தை வங்கி சுலபமாக விழுங்கிவிடக் கூடாது என்று போட்ட வேலி அது. அந்த வேலிதான் அவர் மகனுக்கு அந்த நிலத்தின் மேல் கடன் கிடைக்காமலும் செய்தது. நாலு ஏக்கர் வைத்திருக்கிறவர் அன்று வங்கி வாசலில், “மச்சான், அப்போ எங்கிட்ட ஒண்ணுமே இல்லன்றாங்களா?” என்று கேட்டார். என் வீட்டுப் பத்திரம் போனது. தாய்ப்பத்திரம், முப்பது வருஷத்து வில்லங்கச் சான்று, வங்கி வக்கீலின் கருத்து, மதிப்பீட்டாளரின் அளவை எல்லாம் முடிந்து 40 லட்சத்துக்கு அனுமதிக் கடிதம் வந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. கையில் 40 லட்சத்துக்கு ஒரு வங்கியின் கடிதம் இருந்தது. முதல் ஆண்டுச் செலவுக்கு அதுவே போதும், மிச்சமும் உண்டு. 14 லட்சம் என்ற கதை எங்களுக்குத் தேவையே இல்லை. ஆனாலும் மனப்பாடத் தாளில் முதல் பதில் அப்பாவின் வருமானமாகவே இருந்தது. கடன் வாங்கிப் படிக்கிறேன் என்று சொல்வது கௌரவக்குறைவு என்று அந்தத் தாளை எழுதியவர் நினைத்திருப்பார்போலும்.

நேர்காணலுக்கு முந்தின நாள் மாலை தங்கை குமரகோட்டத்துக்குப் போகலாம் என்றாள். வரதர் கோயிலும் காமாட்சியம்மனும் இருக்க, ஏன் அங்கே என்று கேட்டேன். “அங்கதானே முருகன் பரீட்சைக்கு வந்து பதில் சொன்னாரு” என்றாள். நான் அவளுக்குச் சிறுவயதில் சொன்ன கதைதான். கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணத்தை அங்கே அரங்கேற்றியபோது, முதல் பாட்டின் முதல் சொல்லிலேயே ஒருவர் எழுந்து, இந்தப் புணர்ச்சிக்கு இலக்கண விதி எங்கே என்று கேட்டுவிட்டார். பதில் இல்லை. சபை மறுநாளைக்குத் தள்ளிவைக்கப்பட்டது. மறுநாள் சோழநாட்டுப் புலவர் ஒருவர் வீரசோழியம் என்ற நூலோடு வந்து விதியைக் காட்டினார், வந்தவர் முருகன் என்பது ஐதீகம். வீரசோழியம் ஒரு பௌத்தர் எழுதிய இலக்கணம். சைவப் புராணத்துக்குப் பௌத்தர் நூல் சாட்சி. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பிடித்த இடம் அதுதான். அன்று மண்டபத்தில் நின்றபோது வேறொன்று பட்டது. அவருக்கு ஒருநாள் அவகாசம் கொடுத்தார்கள்.

அதிகாலை முதல் பஸ்ஸில் மூவரும் கிளம்பினோம். பையன் டீ குடிக்கவில்லை, உள்ளே போனபிறகு ஒன்றுக்கு வந்துவிட்டால் என்ன செய்வது என்று பயம். பெற்றோரை உள்ளே விடுவதில்லை, செல்போனுக்கும் அனுமதி இல்லை. கோப்பை எடுத்துக்கொண்டு அவன் வரிசையில் சேர்ந்தான். நானும் மாப்பிள்ளையும் கதீட்ரல் சாலையில் செம்மொழிப் பூங்கா வாசலில் நின்றோம். அவர் கம்பிக்கு அந்தப் பக்கத்துச் செடிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். “இதுக்கு என்னா மருந்து அடிக்கிறானுங்களோ, ஒரு பூச்சி இல்ல” என்றார். அன்று காலை அவர் பேசிய ஒரே வாக்கியம்.

உள்ளே நடந்ததைப் பையன் பிறகு பலமுறை சொல்லியிருக்கிறான். வங்கி கவுன்டர்போலச் சன்னல்கள், நின்றுகொண்டே பேச வேண்டும். ஒலிபெருக்கி வழியாக முன்னால் நிற்பவரின் பேட்டி பாதி காதில் விழும். அதுதான் பெரிய தொல்லை என்றான். இவனுக்கு முன்னால் இரண்டு பேருக்கு மறுப்பு. விசா கிடைத்தால் பாஸ்போர்ட்டை அவர்களே வைத்துக்கொள்வார்கள், இல்லையென்றால் ஒரு தாளோடு திருப்பித் தள்ளுவார்கள். சன்னலுக்கு அடியில் பாஸ்போர்ட் நகர்கிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறான். தன் முறை வந்தபோது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

யார் செலவு செய்கிறார்கள்? என் தந்தை, விவசாயத் தொழில், ஆண்டு வருமானம் 14 லட்சம். என்ன பயிர்? நெல். எத்தனை ஏக்கர்? நாலு. அந்தப் பெண் அதிகாரி நிமிர்ந்து ஒருமுறை பார்த்துவிட்டுத் தட்டச்சு செய்தார். படித்து முடித்து? தாய்நாடு திரும்பிப் பன்னாட்டு நிறுவனத்தில் திட்ட மேலாளர். எந்த நிறுவனம்? அந்தக் கேள்வி தாளில் இல்லை. பையன் நின்றான். பாஸ்போர்ட் ஒரு தாளோடு திரும்பி வந்தது. மொத்தம் மூன்று நிமிடம் இருக்கும் என்றான். கோப்பை அவர் திறக்கச் சொல்லவே இல்லை. சிட்டா, அடங்கல், கணக்காளர் கையெழுத்து, வங்கிக் கடிதம் எதையும் பார்க்கவில்லை.

தாளில் 214(b) என்றிருந்தது. 1952ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் பிரிவு அது. குற்றவியலில், நிரூபிக்கும்வரை ஒருவன் நிரபராதி. இங்கே தலைகீழ். மாணவ விசா கேட்பவன் அங்கேயே தங்கிவிடப் போகிறவன் என்றுதான் சட்டம் முதலில் கொள்ளும். இல்லை என்று நம்பவைப்பது விண்ணப்பிப்பவன் பொறுப்பு. இந்த முடிவுக்கு மேல்முறையீடு கிடையாது. நிரந்தரத் தடையும் கிடையாது, மறுபடி விசாக் கட்டணம் கட்டி மறுபடி நிற்கலாம். அதே சட்டத்தில் வேறொரு பிரிவு இருக்கிறது. வேண்டுமென்றே பொய் சொல்லி விசா பெற முயன்றதாக முடிவானால் வாழ்நாள் முழுக்கவே கதவு அடைபடும். நாங்கள் எதன் விளிம்பில் நின்றோம் என்பது அதைப் படித்தபோதுதான் உறைத்தது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒரு வாரம் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பையன் பயிற்சிக்காரரிடம் போனான். உடல்மொழி சரியில்லை, கண்ணைப் பார்த்துப் பேசவில்லை என்று அவர் சொன்னாராம். அடுத்த ஞாயிறு மாப்பிள்ளை ஒரு மூட்டை அரிசி கொண்டுவந்து போட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். என்ன கேட்டார்கள் என்று முதல்முறையாக மகனிடம் கேட்டார். அவன் சொன்னான். 14 லட்சம் என்ற இடத்தில் நிறுத்தினார்.

“நாலு ஏக்கருக்கா?”

“ஆமாம்பா.”

“நம்ம நாலு ஏக்கருக்கா?”

பிறகு அவரே கணக்குப் போட்டார், வாயாலேயே. ஏக்கருக்குச் சராசரி இரண்டு டன், அதாவது இருபது குவிண்டால். அந்தப் பருவத்தில் பொதுரக நெல்லுக்கு அரசு விலை குவிண்டாலுக்கு 2,265 ரூபாய். மத்திய அரசின் ஆதார விலை 2,183, மேலே மாநிலத்தின் ஊக்கத்தொகை 82. ஏக்கருக்கு ஒரு போகம் 45,300. நாலு ஏக்கர், இரண்டு போகம், எல்லாமே அரசு விலைக்குப் போனதாக வைத்தாலும் 3,62,400. உழவு, நாற்று, நடவுக் கூலி, உரம், அறுப்பு மெஷின் என்று ஏக்கருக்கு ஒரு போகத்தில் 26,000 கழித்தால் கையில் நிற்பது ஒன்றரை லட்சத்துச் சொச்சம். மாடுகள் செலவு போக அறுபதாயிரம் தரும். 14 லட்சம் வர வேண்டுமென்றால் ஒவ்வொரு ஏக்கரும் ஒவ்வொரு போகத்துக்கும் 1,75,000 தர வேண்டும். “அப்புடி வெளைஞ்சா நான் எதுக்குடா ஒன்ன அமெரிக்கா அனுப்பறேன்? அவங்கள இங்க வரச் சொல்லு” என்றார்.

தறிக்காரர் அங்கே இருந்தார். சரிகையைப் பற்றிச் சொன்னார். நல்ல சரிகையில் நடுவே சிவப்புப் பட்டு நூல், அதன்மேல் வெள்ளிக் கம்பி, அதன்மேல் தங்க முலாம். விவரம் தெரிந்தவன் சேலையை விரித்துப் பார்க்க மாட்டான். ஓரத்தில் நகத்தால் சுரண்டுவான், உள்ளே சிவப்புத் தெரிகிறதா என்று பார்ப்பான், அவ்வளவுதான். “அந்தம்மா சுரண்டிப் பாத்துருக்குது சார்.”

அது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். எத்தனை ஏக்கர் என்பது நகம். சென்னையில் அந்தச் சன்னலில் நிற்கிறவர்கள் நாளெல்லாம் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளைத்தான் பார்க்கிறார்கள். நெல்லுக்கு ஏக்கருக்கு என்ன வரும் என்று அவர்களுக்குத் தோராயமாகவாவது தெரியாமல் இருக்குமா? கோப்பைத் திறக்காததற்கு நாங்கள் கோபப்பட்டோம். அவர்கள் பார்ப்பது காகிதம் காகிதத்தோடு பொருந்துகிறதா என்பதை அல்ல, வாய்ச்சொல் வாய்ச்சொல்லோடு பொருந்துகிறதா என்பதை. பையன் உண்மையாகச் சொன்ன நாலு ஏக்கர், பொய்யாகச் சொன்ன 14 லட்சத்தை மூன்று நொடியில் உடைத்துவிட்டது.

பல்கலைக்கழகத்துக்கு எழுதினான். சேர்க்கையை 2025 ஜனவரிக்குத் தள்ளி வைத்துப் புது I-20 அனுப்பினார்கள். பதிவுக் கட்டணம் 350 டாலரை மறுபடி கட்ட வேண்டியிருக்கவில்லை, விசாக் கட்டணம் மட்டும். வங்கிக் கடிதத்தின் காலாவதியை நீட்டி வாங்கினோம். பதினெட்டுக் கேள்வித் தாளை மாட்டுக்கொட்டகைச் சுவரில் ஒட்டியிருக்கிறான் என்று தங்கை சொன்னாள், காரணம் கேட்கவில்லை.

இரண்டாம் முறை திண்ணைப் பயிற்சி வேறு மாதிரி. தாள் கிடையாது. முதலில் தமிழில் அவனுக்கே தெரிந்ததைச் சொல்ல வேண்டும், அதைப் பிறகு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். ஏன் நீர்வளப் பொறியியல் என்று கேட்டேன். ஐந்து நிமிடம் பேசாமல் இருந்தான். பிறகு ஏரியைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். மதகு தூர்ந்துபோனது, கலங்கல் உயரத்தை யாரோ கூட்டியது, கடைமடைக்குத் தண்ணீர் வராதபோது அப்பா இரவில் மண்வெட்டியோடு போனது, கல்லூரியில் கடைசி வருஷத்தில் நண்பர்களோடு படகில் போய்க் கயிறு விட்டு ஏரியின் ஆழத்தை அளந்தது. இவ்வளவும் இருக்க, உலகத்தரமான ஆய்வகம் என்று ஒரு மாதம் ஒப்பித்திருக்கிறோம்.

தகராறு வந்தது ஒரே ஒரு கேள்வியில். திரும்பி வருவாயா?

“தெரியல மாமா” என்றான். நான் திட்டவில்லை. எனக்கும் தெரியாது. விட்டுவிடும் எண்ணமில்லாத ஒரு வீடு சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். வங்கிக் கடிதம் வேறொன்றைச் சொல்கிறது. படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்துத் தவணை தொடங்கும். 40 லட்சம், பத்து சதவீத வட்டி, பதினைந்து வருஷம் என்றால் மாதம் 43,000. அதுவும் படிக்கிற காலத்து வட்டி சேராமல். ஒரகடத்தில் அவன் வாங்கியது 18,000. படித்து முடித்த கையோடு திரும்பி வந்தால் என் வீடு ஏலத்துக்குப் போகும் என்பது எளிய கழித்தல். ஒரு காகிதம் திரும்பி வா என்கிறது, இன்னொன்று வந்தால் தெரியும் சேதி என்கிறது. இரண்டையும் ஒரே கோப்பில் வைத்துக்கொண்டுதான் பிள்ளைகள் அந்தச் சன்னலுக்குப் போகிறார்கள்.

நிலத்தைக் காட்டி வேர் இருக்கிறது என்று சொல்லலாம் என்றால், அதிலும் ஒரு கோணல். பரந்தூரில் புது விமான நிலையம் என்று 2022இல் அறிவித்தார்கள். அதற்குப் போகப்போகும் கிராமங்களில் மாப்பிள்ளையின் ஊர் இல்லை, கொஞ்சம் தள்ளி இருக்கிறது. அவற்றில் ஒன்றான ஏகனாபுரத்தில் அன்றிலிருந்து மக்கள் போராடிக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஊர்ப் பையன் ஒருவனிடம், உன்னைத் திரும்ப இழுக்கப்போவது எது என்று கேட்டால் அவன் எந்த வயலைக் காட்டுவான்?

காஞ்சிக்கு இதெல்லாம் புதிதில்லைதான். இங்கே ஓர் அமைச்சரின் மகனாகப் பிறந்த தர்மபாலர் கல்யாணத்தன்று இரவு கிளம்பிப் போனார் என்றும் நாலந்தாவில் பேராசானாக விளங்கினார் என்றும் யுவான் சுவாங் எழுதி வைத்திருக்கிறார். திரும்பி வந்ததாகக் கதையில்லை. நல்லவேளை, அவரை யாரும் கண்ணாடிக்குப் பின்னால் நின்று கேட்கவில்லை.

கடைசியில் நாங்கள் பிடித்துக்கொண்டது ஒரு சின்ன நூல். மாணவன் இளைஞன், வேலையோ குடும்பமோ சொத்தோ இல்லாதவன், அவனுடைய எண்ணம் பின்னால் மாறக்கூடும், அதற்காகவே மறுத்துவிடக் கூடாது, இன்றைய எண்ணம் என்ன என்று பார் என்கிற பொருளில் தூதரக அதிகாரிகளுக்கான அவர்களுடைய கையேட்டிலேயே வழிகாட்டுதல் இருந்தது. ஆகவே இன்றைய எண்ணத்தைச் சொல்வது என்று முடிவு செய்தோம். பொறியியல் படித்தவர்களுக்குப் படிப்பு முடிந்ததும் மாணவ விசாவிலேயே மூன்று ஆண்டுவரை பயிற்சி வேலை பார்க்க விதிகள் இடம் தருகின்றன. அதில் கடனில் பெரும்பகுதியை அடைத்துவிட்டு, ஏரிகளில் வேலை செய்யும் ஏதாவது ஒரு இடத்தில் இங்கே சேர வேண்டும் என்பது அவன் ஆசை. இதைச் சொன்னால் விசா போய்விடும் என்று கூடப் படித்தவர்கள் பயமுறுத்தினார்கள். போனால் போகட்டும் என்றான். அந்தக் குரலில் மனப்பாடம் இல்லை.

நவம்பரில் மறுபடி அதே வரிசை. இம்முறை டீ குடித்தான். மாப்பிள்ளை வரவில்லை, நாற்றங்கால் வேலை. நான் மட்டும் பூங்கா வாசலில் நின்றேன். வேறு அதிகாரி, ஆண். போன முறை மறுத்தார்களே, என்ன மாறியிருக்கிறது என்றுதான் தொடங்கினாராம். “அப்பாவின் வருமானத்தை அப்போது தவறாகச் சொன்னேன், நிலத்தின் மதிப்பையும் சேர்த்த கணக்கு அது. அவர் நாலு ஏக்கர் நெல் விவசாயி, ஆண்டுக்கு இரண்டு லட்சம் வரும். இந்தப் படிப்புக்கு அவர் பணம் தரவில்லை. வங்கிக் கடன் 40 லட்சம், மாமா வீடு ஈடு, கட்டப்போவது நான்” என்றிருக்கிறான். கடன் எந்த வங்கி என்று ஒரு கேள்வி. எந்தப் படிப்பு என்று ஒரு கேள்வி. நீர்வளப் பொறியியல் என்றதும் தலையசைத்தார். ஏரியைச் சொல்ல இவன் வாயைத் திறப்பதற்குள், வாழ்த்துகள் என்று பாஸ்போர்ட்டைத் தன் பக்கம் எடுத்து வைத்துவிட்டார். திரும்பி வருவாயா என்று கேட்கவே இல்லை. நாங்கள் மாதக்கணக்கில் சண்டை போட்ட கேள்வி.

இதே பதிலுக்கு வேறொரு சன்னலில் மறுப்பு கிடைத்திருக்கலாம். அதைச் சொல்லாவிட்டால் நானும் ஒரு பயிற்சிக்காரன் ஆகிவிடுவேன். இரண்டு நிமிடத்தில் ஓர் ஆளை எடைபோடும் முறையில் அதிர்ஷ்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு. ஆனால் இரண்டாம் முறை வெளியே வந்தபோது அவன் முகத்தில், ஜூனில் இருந்த அந்தத் திருட்டு முழி இல்லை. பாஸ்போர்ட் திரும்பி வந்திருந்தாலும் அது இருந்திருக்காது என்றே நம்புகிறேன்.

ஜனவரி முதல் வாரம் கிளம்பினான். மாப்பிள்ளை இப்போது நெல்லை வியாபாரிக்குப் போடுவதில்லை, காவல் படுத்தாலும் கொள்முதல் நிலையத்துக்கே கொண்டுபோகிறார். பால் சங்கத்துப் பணம் வங்கிக் கணக்குக்கு வருகிறது. அவருடைய இளைய மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். விவசாயம் பார்க்கிறவர்கள் இதைப் படித்தால் ஒன்று சொல்கிறேன்: பிள்ளை எட்டாவது படிக்கும்போதே நெல் ரசீதுகளை ஒரு டப்பாவில் போட்டு வைக்க ஆரம்பியுங்கள்.